வெள்ளிக்கிழமை சரியாக எழுதிய சொல் அடுத்த வாரமும் நிற்க

கேள்வி: மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். திங்கட்கிழமை 20 சொற்களைப் பலகையில் எழுதிப் போட்டு, ஒவ்வொன்றையும் 5 தடவை எழுதி வரச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை சொல்வதெழுதுதலில் பாதி வகுப்பு முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறது. அடுத்த வாரமே கட்டுரை நோட்டில் ‘கிணரு’, ‘கயிரு’ என்று எழுதி வைக்கிறார்கள். சொற்குடும்பமாகக் கொடுங்கள், பார்–மூடு–எழுது–சரிபார் செய்ய வையுங்கள் என்கிறார்கள். தினமும் 15 நிமிடத்துக்கு மேல் எனக்குக் கிடைக்காது. ஒரு வாரத்தை எப்படி நடத்துவது?

பதில்:

வணக்கம். முதலில், அந்த 5 தடவை எழுதும் வேலையை நிறுத்திவிடுங்கள். பிள்ளைகள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு நாள் பக்கத்தில் நின்று பாருங்கள். ‘கிணறு’ என்ற சொல்லுக்கு முதலில் மேலிருந்து கீழாக ஐந்து ‘கி’ போடுவார்கள். அப்புறம் ஐந்து ‘ண’, அப்புறம் ஐந்து ‘று’. கை ஐந்து வரி எழுதியிருக்கும், ஆனால் ‘கிணறு’ என்ற முழுச் சொல் ஒரு தடவைகூட மனசில் வந்திருக்காது. கண் பார்த்ததைக் கை இறக்கி வைக்கிறது, அவ்வளவுதான். கட்டுரை எழுதும்போது பார்த்து எழுதுவதற்கு எதுவும் எதிரில் இருக்காது. நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பழகாத சொல் அங்கே வராது.

இரண்டாவது, 20 சொற்கள் அதிகம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சொற்களை ஒரு பிள்ளை வியாழன் இரவு மனப்பாடம் செய்து, வெள்ளி காலையில் கொட்டிவிட்டு, அதோடு விட்டுவிடுகிறது. மூன்றாம் வகுப்புக்கு வாரம் 8 சொற்கள் போதும். அந்த 8 சொற்களும் ஒரே ஒரு சங்கதியைச் சொல்லித்தர வேண்டும். சொற்குடும்பம் என்பதன் பயனே அதுதான்.

உங்கள் கடிதத்தில் இருக்கும் பிழையையே எடுத்துக்கொள்வோம். ‘கிணரு’ என்று ஏன் எழுதுகிறார்கள்? இன்றைய பேச்சில் பெரும்பாலோர் ரகரத்தையும் றகரத்தையும் ஒன்றாகவே ஒலிக்கிறார்கள். போதாக்குறைக்கு, ஊர் என்பதை ‘ஊரு’ என்றும், பேர் என்பதைப் ‘பேரு’ என்றும் கடைசியில் ஓர் உகரம் சேர்த்துப் பேசுகிறோம். ஆகவே பிள்ளையின் காதில் கிணறு, கயிறு, தெரு, ஊரு எல்லாமே ஒரே மாதிரி முடிகின்றன. எழுதும்போது கைக்கு எளிதான ‘ரு’வைப் போட்டுவிடுகிறது. ‘நன்றாகக் காது கொடுத்துக் கேள்’ என்று சொல்வதில் பயனில்லை, ஏனென்றால் அந்த இடத்தில் காதுக்கு விடை கிடைக்காது.

ஆனால் அதே சொல்லின் இன்னொரு வடிவத்தில் விடை கிடைக்கும். கிணறு என்பதோடு ‘இல்’ சேர்த்தால் கிணற்றில். கயிறு என்பதோடு ‘ஐ’ சேர்த்தால் கயிற்றை. இங்கே றகரம் இரட்டிக்கிறது, அந்த இரட்டிப்பு காதில் தெளிவாக விழுகிறது. ரகரம் தமிழில் இரட்டிப்பதே கிடையாது. தெரு என்பது தெருவில் என்றுதான் ஆகும், ஊர் என்பது ஊரில் என்றுதான் ஆகும். ஆக, குடும்பத்தில் ஓர் ஆளிடம் ‘ற்ற’ இருந்தால் அந்தக் குடும்பம் முழுவதும் வல்லின ற தான். பெயர்ச்சொல்லுக்கு மட்டுமல்ல, வினைக்கும் இது பொருந்தும்: மாறியது, மாற்றினான், மாற்றம். ஏறினாள், ஏற்றினாள், ஏற்றம். வேறு, வேற்றுமை. நூறு, நூற்றாண்டு.

வீட்டுப் பேச்சும் இதில் கைகொடுக்கும். ‘கெணத்துல’, ‘கயித்துல’ என்று பேசுகிற பிள்ளை, தெருவைச் சொல்லும்போது ‘தெருவுல’ என்றுதான் சொல்லும், ‘தெருத்துல’ என்று சொல்லாது. அதாவது அந்த வித்தியாசம் அதற்கு ஏற்கனவே தெரியும். இந்தச் சொற்களில், பேச்சில் ‘த்து’ என்று வருவது எழுத்தில் ‘ற்று’ என்று வருகிறது என்பதை மட்டும் நாம் கோத்துக் கொடுக்க வேண்டும். பேச்சு வழக்கைத் தப்பு என்று சொல்லி வாயை அடைத்துவிட்டால் கையில் இருக்கும் சாவியைத் தூக்கி எறிந்த மாதிரி ஆகிவிடும்.

இதற்கு ஒரு வரம்பு உண்டு, அதை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘ற்ற’ வந்தால் ற என்று உறுதியாகச் சொல்லலாம். ‘ற்ற’ வரவில்லை என்றால் ர என்று சொல்ல முடியாது. பறவை, பறந்தது, பறக்கும் என்ற குடும்பத்தில் எங்கேயும் ‘ற்ற’ இல்லை. மறதி, மறந்தான் குடும்பத்திலும் இல்லை, அறிவு, அறிஞர், அறிவிப்பு குடும்பத்திலும் இல்லை. இவற்றைக் கண்ணால் பார்த்து நினைவில் வைப்பதைத் தவிர வழியில்லை. அதனால் முதல் வாரத்தில் இவற்றைக் கலக்காதீர்கள். விதி வேலை செய்யும் சொற்களை மட்டும் எடுத்து, அது பிடிபட்ட பிறகு, ‘பற’ குடும்பத்தை வேறொரு வாரம் தனியாகக் கொண்டுவாருங்கள்.

சரி, வாரத்தின் 8 சொற்கள். நான் எடுப்பது இவை: கிணறு, கிணற்றில், கயிறு, கயிற்றை, மாறியது, மாற்றினான், தெரு, தெருவில். மூன்று ஜோடி றகரம், ஒரு ஜோடி ரகரம். அந்தக் கடைசி ஜோடி கட்டாயம் வேண்டும். எல்லாச் சொல்லும் ற என்றால் பிள்ளை யோசிக்கவே தேவையில்லை, வாரம் முழுக்கக் கண்ணை மூடிக்கொண்டு ற போட்டு முழு மதிப்பெண் வாங்கிவிடும். அடுத்த வாரம் ‘தெறு’ என்று எழுதும்.

திங்கட்கிழமை பட்டியலைக் கொடுத்துவிடாதீர்கள். அன்றைய 15 நிமிடம் பேசுவதற்கும் பிரிப்பதற்கும்தான். பலகையில் கிணறு, தெரு, கயிறு மூன்றையும் எழுதி, ‘இல்’ சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். கிணற்றில், தெருவில், கயிற்றில் என்று வகுப்பே சொல்லும். எது இரட்டித்தது, எது இரட்டிக்கவில்லை என்று கேளுங்கள். அவர்கள் சொன்ன பிறகுதான் ‘ற்ற’ மேல் வண்ணச் சாக்பீஸால் கோடு போடவேண்டும். அப்புறம் துண்டுத்தாளில் எழுதிய 8 சொற்களையும் இரண்டிரண்டு பேருக்கு ஒரு தொகுப்பாகக் கொடுத்து, யார் யார் ஒரே குடும்பம் என்று சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ‘மாறியது’ என்பதையும் ‘மாற்றினான்’ என்பதையும் சேர்க்கத்தான் நேரம் எடுப்பார்கள், ஏனென்றால் இரண்டும் பார்வைக்கு வேறு மாதிரி இருக்கும். தானாக நடந்தால் மாறியது, யாரோ செய்தால் மாற்றினான் என்று ஒரு பிள்ளையாவது சொல்லிவிடும். அந்தப் பொருள் தொடர்பு பிடிபட்டால்தான் எழுத்துத் தொடர்பும் நிற்கும். பொருள் தெரியாத சொல்லைக் குடும்பத்தில் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

செவ்வாய் முதல் வியாழன் வரை பார்–மூடு–எழுது–சரிபார். கேட்கும்போது எளிதாகத் தெரியும் இந்த நான்கு படிகளில்தான் பெரும்பாலான வகுப்புகள் வழுக்குகின்றன, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நோட்டுப் பக்கத்தை நான்கு பத்தியாகப் பிரியுங்கள். இடது ஓரத்தில் சொல், அடுத்து செவ்வாய், புதன், வியாழன். மூடுவதற்கு ஆளுக்கு ஒரு தடித்த அட்டை. அந்த அட்டை ஒரு பத்தியை மட்டும் மூடும் அகலத்தில் இருந்தால் போதாது. புதன்கிழமை எழுதும்போது செவ்வாய்ப் பத்தியில் நேற்று எழுதியது பளிச்சென்று தெரியும், பிள்ளை அதைப் பார்த்து எழுதிவிடும். ஏமாற்ற வேண்டும் என்று நினைத்துச் செய்வதில்லை, கண் தானாகப் போகும். மூன்று பத்திகளையும் மூடும் அளவுக்கு அட்டையை வெட்டுங்கள், அல்லது பக்கத்தையே மடிக்கச் சொல்லுங்கள்.

‘பார்’ என்றால் வெறுமனே பார்ப்பது அல்ல. சொல்லை ஒரு தடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும். பிறகு அதில் தடுக்கும் இடம் எது என்று கண்டுபிடித்து அடியில் மெல்லிய கோடு போட வேண்டும். ‘கிணற்றில்’ என்பதில் கோடு ‘ற்றி’க்குக் கீழே வரும். சில பிள்ளைகளுக்கு ‘ண’வுக்குக் கீழேயும் வரும், அது அவர்கள் விருப்பம். அப்புறம் எழுத்துகளை எண்ண வேண்டும்: கி, ண, ற், றி, ல். ஐந்து. கடைசியாகக் கண்ணை மூடி அந்தச் சொல்லைப் பார்க்க முடிகிறதா என்று ஒரு நொடி முயல வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரு சொல்லுக்கு அரை நிமிடம்கூட ஆகாது, ஆனால் இது இல்லாவிட்டால் மற்ற மூன்று படிகளும் வெறும் சடங்கு.

‘மூடு’ என்பதற்குப் பிறகு உடனே எழுத விடாதீர்கள். மூடிய பிறகு சொல்லை ஒரு தடவை மெதுவாகச் சொல்லிவிட்டுத்தான் பென்சிலைத் தொட வேண்டும். அந்தச் சின்ன இடைவெளியில்தான் கண்ணில் நிற்கும் உருவம் கலைந்து, பிள்ளை நினைவிலிருந்து எடுக்க ஆரம்பிக்கிறது.

‘எழுது’ என்றால் முழுச் சொல்லையும் ஒரே மூச்சில். பாதி எழுதிவிட்டு அட்டையைத் தூக்கிப் பார்ப்பதுதான் இந்த முறையின் பெரிய நோய். யார் அப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள நோட்டைப் பார்த்துப் பயனில்லை, நோட்டில் எல்லாம் சரியாகவே இருக்கும். வகுப்பின் பின்பக்கம் நின்று அட்டை பிடித்த கையைப் பாருங்கள். சொல்லின் நடுவில் அந்தக் கை அசைந்தால் அங்கே நடப்பது பார்த்தெழுதுதல். திட்ட வேண்டாம். ‘ஒருதரம் திறந்துவிட்டால் எழுதியதை அடித்துவிட்டு முதலிலிருந்து எழுத வேண்டும்’ என்ற ஒரே விதியை வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு நாளில் சரியாகிவிடும்.

‘சரிபார்’ படியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு டிக் போடுவதாகத்தான் புரிந்துகொள்வார்கள். ‘கிணறில்’ என்று எழுதிவிட்டு, இடது ஓரத்தில் இருக்கும் ‘கிணற்றில்’ என்பதைப் பார்த்து, இரண்டும் ஒன்று என்று டிக் போடும் பிள்ளை உங்கள் வகுப்பிலும் இருக்கும். எழுத வேண்டியது என்ன என்று தெரிந்திருப்பதால், இருப்பதைக் கண் பார்ப்பதில்லை. ஆகவே ஒவ்வோர் எழுத்தின் மேலும் பென்சில் முனையை வைத்து எண்ணிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ‘கிணறில்’ நான்கு எழுத்து, ‘கிணற்றில்’ ஐந்து. விட்டுப்போன எழுத்தை எண்ணிக்கை உடனே காட்டிக்கொடுக்கும். மாறிப்போன எழுத்தை அது காட்டாது. ‘கயிட்றை’ என்று எழுதினாலும் நான்குதான், ‘கயிற்றை’ என்பதும் நான்குதான். அதற்குக் கோடு போட்ட இடத்தைத் தனியாக ஒப்பிட வேண்டும். எண்ணு, அப்புறம் கோட்டைப் பார். இந்த இரண்டும் பழக்கமாகும் வரை நீங்கள் கூடவே சொல்ல வேண்டியிருக்கும்.

தப்பாக இருந்தால் ரப்பர் வேண்டாம். அந்தத் தப்பான எழுத்தை மட்டும் அழித்துத் திருத்தினால் கை பழகுவது ஒற்றை எழுத்துதான். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு, மறுபடி பார்த்து, மூடி, முழுச் சொல்லையும் எழுத வேண்டும். அடித்த சொல் நோட்டில் இருப்பது உங்களுக்கும் நல்லது. யாருக்கு எங்கே தடுக்கிறது என்று அதுதான் சொல்லும்.

இங்கே அந்த ‘ட்ற’ பற்றி ஒரு வார்த்தை. நாம் ‘ற்ற’வை அழுத்திச் சொல்லும்போது பல பிள்ளைகளின் காதில் அது ‘ட்ற’ என்று விழுகிறது. ‘காட்று’, ‘கயிட்றை’ என்று எழுதுவார்கள். வீட்டுப் பேச்சை அப்படியே எழுதுகிறவர்கள் ‘கயித்தை’ என்பார்கள். இரண்டும் வேறு வேறு தப்பு. முதலாவது பிள்ளை நன்றாகத்தான் கேட்கிறது, அந்த ஒலிக்கு எந்த எழுத்து என்று தெரியவில்லை. அதற்கு ஒரு விதி சொல்லிக் கொடுத்தால் போதும்: இந்த ஒலியில் றகரத்துக்கு முன்னால் புள்ளி வைத்த ற் தான் வரும், ட் வராது. இரண்டாவது பிள்ளைக்குப் பேச்சுத் தமிழுக்கும் எழுத்துத் தமிழுக்கும் பாலம் போட வேண்டும். அதோடு திங்கட்கிழமை செய்த வேலையை மறுபடி ஐந்து நிமிடம் தனியாகச் செய்யுங்கள்.

நாள் பங்கீடு இப்படி. செவ்வாய் முதல் 4 சொற்கள் மட்டும். புதன் மீதி 4, அதோடு செவ்வாய் அடித்துத் திருத்திய சொற்கள். வியாழன் 8 சொற்களும், ஆனால் வரிசையைக் கலைத்து. வரிசை மாறாமலே இருந்தால், ‘கிணறு’வுக்கு அடுத்து ‘கிணற்றில்’ என்று பாட்டு மாதிரி வந்துவிடும், எழுத்தைப் பற்றி யோசிக்க வேண்டியிராது. வியாழக்கிழமை நேரம் மிஞ்சினால், ஏதாவது இரண்டு சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். வீட்டுப்பாடம் தர வேண்டும் என்றால் ஒரே ஒரு சுற்று பார்–மூடு–எழுது–சரிபார், அதற்கு மேல் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை தேர்வு 10 நிமிடத்துக்குள் முடிய வேண்டும். இதில் நீங்கள் இப்போது செய்வதிலிருந்து பெரிய மாற்றம் ஒன்று வேண்டும். கொடுத்த சொற்களை மட்டும் கேட்காதீர்கள். என் கணக்கு இது: இந்த வாரப் பட்டியலிலிருந்து 4 சொற்கள், பட்டியலில் இல்லாத 2 சொற்கள், இரண்டு மூன்று வாரத்துக்கு முந்தைய பட்டியலிலிருந்து 2 சொற்கள், கடைசியில் ஒரு வாக்கியம். பட்டியலில் இல்லாத சொற்கள் அதே குடும்ப விதியில் அடங்க வேண்டும். இந்த வாரத்துக்கு ‘ஏறினாள்’, ‘ஏற்றினாள்’ பொருத்தம். வாக்கியத்துக்கு, ‘பழைய கயிற்றை மாற்றிக் கிணற்றில் விட்டார்.’ கட்டுரை எழுதும்போது பிள்ளையின் கவனம் பொருளில் இருக்கும், எழுத்தில் இருக்காது. வாக்கியம் எழுதும்போதும் அதே நிலைமை கொஞ்சம் உருவாகிறது. தனிச்சொல்லாகச் சரியாக எழுதியவர் வாக்கியத்தில் தப்பு விட்டால், உங்கள் கட்டுரை நோட்டுப் பிரச்சினையை வெள்ளிக்கிழமையே பார்த்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

சொல்லும் முறை: சொல், அந்தச் சொல் வரும் ஒரு சின்ன வாக்கியம், மறுபடி சொல். ‘தெரு. தெரு முழுவதும் வெளிச்சம். தெரு.’ அவ்வளவுதான். றகரம் வரும் இடத்தில் நாக்கை அழுத்தி, புருவத்தை உயர்த்திச் சொல்லிக் காட்டாதீர்கள். பிள்ளைகள் சொல்லை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். எழுதி முடித்ததும் சொற்களைப் பலகையில் எழுதிப் போட்டு, வேறு நிறப் பென்சிலால் அவரவர் தாளை அவரவரே திருத்தட்டும். பக்கத்துப் பிள்ளையிடம் மாற்றிக் கொடுத்துத் திருத்துவது வேகமான வேலைதான், ஆனால் தன் தப்பைத் தானே பார்க்கும் வாய்ப்பு அதில் போய்விடுகிறது. மதிப்பெண்ணை வாய்விட்டு வாசிக்கவே வேண்டாம்.

தாள்கள் உங்களிடம் வந்த பிறகு எத்தனை சரி என்று மட்டும் எண்ணாமல், எந்தப் பகுதியில் தப்பு என்று பாருங்கள். ஒரு தாளை எடுத்துக்கொள்வோம். பட்டியல் சொற்கள் நான்கும் சரி. பழைய சொற்கள் சரி. புதுச் சொற்களில் ‘ஏற்றினாள்’ சரி, ஆனால் பக்கத்திலேயே ‘ஏரினாள்’. வாக்கியத்தில் ‘கினற்றில்’.

பழைய கணக்கில் இந்தத் தாள் ‘நல்லா எழுதியிருக்கு, ஒன்றிரண்டு கவனக்குறைவு’ என்று போயிருக்கும். கவனக்குறைவு இல்லை. ‘ஏற்றினாள்’ சரியாக வந்தது காதின் உதவியால், ‘ற்ற’ அங்கே கேட்கிறது. ஆனால் அதை வைத்து ‘ஏறினாள்’ என்பதைச் சரிபார்க்க வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றவில்லை. அதாவது பட்டியல் சொற்கள் மனப்பாடம் ஆகியிருக்கின்றன, குடும்பம் இன்னும் ஒன்று சேரவில்லை. திங்கட்கிழமை ஒரு நிமிடம் கூப்பிட்டு, தாளைக் காட்டி, ‘இந்த இரண்டு சொல்லும் ஒரே குடும்பமா?’ என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டு அடுத்த நொடியே ‘ரி’யைப் பார்த்துத் திருத்தும். திருத்தினால் பிரச்சினை சின்னது. திருத்தத் தெரியவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்கு ‘மாறு’ குடும்பத்தையும் ‘ஏறு’ குடும்பத்தையும் வைத்துத் துண்டுத்தாள் வேலை மறுபடி வேண்டும்.

‘கினற்றில்’ என்பது வேறு கதை. இந்த வாரப் பாடம் றகரம், அது சரியாக வந்திருக்கிறது. னகர ணகரக் குழப்பத்தை இப்போது அதே தாளில் வைத்துப் பாடம் நடத்தாதீர்கள். அந்தப் பிள்ளையின் நோட்டுக் கடைசிப் பக்கத்தில் ‘என் சொற்கள்’ என்று ஒரு பட்டியல் இருக்கட்டும், அதில் ‘கிணறு’ என்று எழுதி, ‘ண’வுக்குக் கீழே கோடு போடச் சொல்லுங்கள். அடுத்தடுத்த வாரங்களில் செவ்வாய்க்கிழமைச் சுற்றில் அந்தச் சொல்லும் ஒன்றாகச் சேரட்டும். ஆளுக்கு ஒன்றிரண்டு சொந்தச் சொற்களுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான தாளும் வரும். ‘தெறு’, ‘தெறுவில்’ என்று எழுதியிருக்கும். இந்த வாரம் ற வாரம் என்று பிள்ளை முடிவு செய்துவிட்டது. இது கெட்ட செய்தி இல்லை, புதுசாக ஒன்று கற்கும்போது எல்லா இடத்திலும் அதைப் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் நான்கைந்து தாள்களுக்கு மேல் இப்படி இருந்தால் தப்பு பட்டியலில் இருக்கிறது. ரகர ஜோடி போதவில்லை. அடுத்த வாரத் தேர்வின் பழைய சொற்களில் தெருவில், ஊரில் இரண்டையும் வையுங்கள்.

வகுப்பில் பாதிக்கு மேல் புதுச் சொற்களில் தவறினால் அடுத்த குடும்பத்துக்குப் போகாதீர்கள். அதே விதியை வேறு சொற்களோடு இன்னொரு வாரம் நடத்துங்கள்: வயிறு, வயிற்றில், வேறு, வேற்றுமை என்று. சொற்கள் புதியவை, சங்கதி பழையது. பாடத்திட்டம் ஒரு வாரம் பின்தங்கும் என்ற கவலை எனக்கும் புரிகிறது, ஆனாலும் நான் நின்றுவிட்டுத்தான் போவேன்.

இந்த விதி பிடிபட்ட பிறகு எதை எடுப்பது என்று யோசிப்பீர்கள். மூன்றாம் வகுப்புக்கு அடுத்ததாக லகர ளகரம். அதற்கும் குடும்பமே சாட்சி சொல்லும். கேள், கேள்வி, கேட்டான்: ள் இருந்த இடத்தில் ட் வருகிறது. கல், கல்வி, கற்றான்: ல் இருந்த இடத்தில் ற் வருகிறது. ‘கேள்வி’யா ‘கேல்வி’யா என்று குழம்பும் பிள்ளை ‘கேட்டான்’ என்று சொல்லிப் பார்த்தால் போதும். ழகரம் இப்படி உருமாறுவதில்லை, வாழ்ந்தான், வாழ்வு, வாழ்க்கை, வாழ்த்து என்று அப்படியே நிற்கும். இதை இரண்டு வாரமாகப் பிரித்து, முதலில் ல் குடும்பங்களையும் ள் குடும்பங்களையும் எதிரெதிராக வைத்துவிட்டு, ழகரத்தைக் கடைசியில் கொண்டுவருவது நல்லது.

உங்கள் பள்ளியில் நான்காம், ஐந்தாம் வகுப்பு எடுப்பவர்கள் கேட்டால், ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’ என்ற பிழைக்கு இதே வாரத்தை நடத்தச் சொல்லுங்கள். முயல், முயன்றான், முயற்சி ஒரு பக்கம், பயில், பயின்றான், பயிற்சி அதே பக்கம். எதிரில் வளர், வளர்ச்சி, மகிழ், மகிழ்ச்சி. புள்ளி வைத்த ற் வந்தால் அதற்குப் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது, ர், ழ் வந்தால் ச்ச வரும். திங்கட்கிழமை இந்த இரண்டு கூட்டத்தையும் பிரித்து வைக்கச் சொன்னாலே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்கள் பட்டியல் 10 சொற்கள் வரை போகலாம். ஒன்று, இரண்டாம் வகுப்பில் 4 அல்லது 5 சொற்கள் போதும், அங்கே குடும்பம் என்பது ஒரே முடிவு கொண்ட சொற்கள்தான்: கல், பல், வில், சொல். எதிரில் முள், தேள்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். உயிர்மெய் எழுத்துகளையே இன்னும் தடுமாறி எழுதும் பிள்ளை, ‘கி’க்கும் ‘கீ’க்கும் வித்தியாசம் பிடிபடாத பிள்ளை, உங்கள் வகுப்பில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். இந்த 8 சொற்களை அவர்கள் முன் வைத்தால் உருவத்தைப் படமாக மனப்பாடம் செய்து வெள்ளிக்கிழமை ஒப்பிப்பார்கள், அல்லது திணறுவார்கள். திங்கட்கிழமைப் பேச்சில் அவர்களும் எல்லோரோடும் இருக்கட்டும். செவ்வாயிலிருந்து அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த 4 சொற்களோடு அதே நோட்டு, அதே அட்டை, அதே நான்கு படி. படிக்கத் தெரியாத சொல்லை மூடி எழுதச் சொல்வது வீண்.

பலன் எப்போது தெரியும்? வெள்ளிக்கிழமை மதிப்பெண் முதலில் கொஞ்சம் குறையும், ஏனென்றால் நீங்கள் கேட்பது கடினமாகிவிட்டது. தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் அதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். கட்டுரை நோட்டில் முதலில் பிழைகள் குறைவதற்கு முன்பே வேறொன்றைப் பார்ப்பீர்கள்: ‘கிணரு’ என்று எழுதி, நீங்கள் சொல்லாமலே அடித்து, பக்கத்தில் ‘கிணறு’ என்று எழுதியிருப்பார்கள். அந்த இடங்களுக்குச் சிவப்பு மையில் எதையும் கழிக்காதீர்கள். கட்டுரை திருத்தும்போது இந்த வாரக் குடும்பத்துப் பிழைகளுக்கு மட்டும் ஓரத்தில் ஒரு சின்னப் புள்ளி வைத்துத் திருப்பிக் கொடுங்கள், எது தப்பு என்று அவர்களே தேடட்டும்.